அலுவலக மின்னஞ்சலில் ‘அது’, ‘இது’ எதைக் குறிக்கிறது என்று குழப்பம் வந்தால் சரிசெய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கேரளத்துக்குள் செல்லும் சரக்குகளுக்கு, இந்தப் பக்கத்துக் கணக்கர் ஒருவரும் அந்தப் பக்கத்து டிரான்ஸ்போர்ட் அலுவலகத்தினர் ஒருவரும் ஒரு நாளில் பலமுறை மின்னஞ்சல் அனுப்பிக்கொள்கிறார்கள். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பகுதிகளில் தமிழ் பேசுவோர் மிகுதி என்பதால் அந்த மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை தமிழிலேயே இருக்கும். அவற்றில் வரும் ‘அதை’, ‘இதனால்’, ‘அவரிடம்’ போன்ற சொற்கள் எதைக் குறிக்கின்றன என்று தெரியாமல் போனால் என்ன ஆகும், அதை எப்படிக் கண்டுபிடித்துத் திருத்துவது என்பதை ஒரே ஒரு மின்னஞ்சலைக் கொண்டு இங்கே விளக்குகிறேன். கீழே உள்ளது எடுத்துக்காட்டுக்காக நான் எழுதியது. ஆனால் இத்தகைய மின்னஞ்சலைப் பார்க்காத சரக்கு அலுவலகம் இருக்காது. அதில் வரும் இ-வே பில் என்பது சரக்குப் போக்குவரத்துக்கான ஜி.எஸ்.டி. மின்னணு ஆவணம்; எல்.ஆர். என்பது லாரி ரசீது.

“ஐயா, வணக்கம். நேற்று மாலை அனுப்பிய தேங்காய் நார் சரக்குக்கான இன்வாய்ஸ், இ-வே பில், எல்.ஆர். மூன்றிலும் பழைய லாரி எண்ணே உள்ளது. அந்த லாரி கோபாலபுரம் பக்கம் பழுதாகி நிற்கிறது. டிரைவர் ஓனரிடம் பேசிவிட்டார், வேறு வண்டிக்குச் சொல்லியிருக்கிறார். அது வந்ததும் அதை ரத்து செய்துவிட்டுப் புதியதை அனுப்பவும். இதனால் வரும் கூடுதல் செலவை அவரிடமே பேசிக்கொள்ளவும். இது இன்றே முடிய வேண்டும்.”

எழுதியவருக்கு இதில் எந்தக் குழப்பமும் தெரியாது. லாரி நிற்கும் இடமும், கையில் இருக்கும் காகிதங்களும், காலையில் தொலைபேசியில் பேசியதும் அவர் மனத்தில் இருப்பதால், ‘அதை’ என்று தட்டும்போதே அது எந்தப் பொருள் என்பது அவருக்கு உறுதியாகிவிடுகிறது. பெறுபவருக்கு முன் இருப்பது ஏழு வாக்கியங்கள் மட்டுமே.

முதல் படி: சுட்டும் சொற்களையெல்லாம் அடையாளமிடுதல்

எழுதி முடித்த மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன், சுட்டும் சொற்கள் ஒவ்வொன்றின் கீழும் கோடிட வேண்டும். அது, இது, அவை, இவை, அவர், அவர்கள் என்பவை எளிதில் கண்ணில் படும். அவற்றின் வேற்றுமை வடிவங்களான அதை, அதற்கு, அதில், அவரிடம் போன்றவையும், இணைப்புச் சொற்களைப் போலத் தோன்றும் இதனால், அதற்குள், அதற்கு முன், அப்படியே போன்றவையும் பெரும்பாலும் தப்பிவிடும். ‘புதியது’, ‘மற்றது’, ‘முதலில் சொன்னது’ ஆகியவையும் சுட்டுப்பெயர்களின் வேலையையே செய்கின்றன. ஆதலால் அவற்றுக்கும் கோடு வேண்டும்.

இவற்றைவிடக் கடினமானவை எழுதப்படாத சுட்டுகள். தமிழில் எழுவாயையும் செயப்படுபொருளையும் விட்டுவிட்டு வினையை மட்டும் எழுதினாலும் வாக்கியம் நிறைவாகவே ஒலிக்கும். மேலே உள்ள மின்னஞ்சலில் ‘வேறு வண்டிக்குச் சொல்லியிருக்கிறார்’ என்ற இடத்தில் எழுவாய் இல்லை. சொன்னவர் டிரைவரா, ஓனரா? ‘சொல்லியிருக்கிறார்’ என்பதில் உள்ள ‘ஆர்’ விகுதி, மரியாதைக்குரிய ஒருவர் என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. இருவருமே அதற்குப் பொருந்துகிறார்கள். எழுதப்படாத சொல்லை எந்தத் தேடல் கருவியாலும் காட்ட முடியாது என்பதால், ஒவ்வொரு வினையாக நின்று ‘யார்?’, ‘எதை?’, ‘யாரிடம்?’ என்று கேட்டுப் பார்ப்பதே வழி. ‘பார்த்துவிட்டு ரத்து செய்யவும்’, ‘அனுப்பிவிட்டேன்’, ‘சொல்லிவிடுங்கள்’ ஆகிய மூன்றும் அலுவலக மின்னஞ்சல்களில் அடிக்கடி இந்த இடறலைத் தருபவை.

இரண்டாம் படி: ஒவ்வொன்றுக்கும் பொருந்தக்கூடிய பெயர்களைத் திரட்டுதல்

கோடிட்ட சொல்லுக்கு முன்னால் வந்த பெயர்களில், இலக்கணப்படி பொருந்தக்கூடியவற்றையெல்லாம் எழுதிக்கொள்ள வேண்டும். நாம் நினைத்த பொருளை மட்டும் எழுதினால் இந்தச் சோதனையால் பயன் இல்லை. தமிழ் வினைமுற்று உயர்திணையையும் அஃறிணையையும் பிரித்துக் காட்டுவதால், ‘வந்தார்’ என்றால் ஆள், ‘வந்தது’ என்றால் பொருள் என்ற அளவில் உதவி கிடைக்கிறது. ஆனால் இன்வாய்ஸ், இ-வே பில், எல்.ஆர்., லாரி, சரக்கு, ஆர்டர் எல்லாமே அஃறிணை ஒருமை என்பதால், சரக்கு அலுவலகத்துக்குத் தேவையான இடத்தில் அந்த உதவி கிடைப்பதில்லை. ‘அவர்’ என்பதும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது. ‘அவர்கள்’ பலரையும் குறிக்கும், மரியாதைக்குரிய ஒருவரையும் குறிக்கும்.

‘அது வந்ததும் அதை ரத்து செய்துவிட்டுப் புதியதை அனுப்பவும்’ என்ற வாக்கியத்தை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். முதலில் உள்ள ‘அது’ மாற்று லாரி என்று எடுத்துக்கொள்வதே இயல்பு. ‘வந்ததும்’ என்ற வினை அதற்குத் துணை செய்கிறது. அடுத்த ‘அதை’ என்பதற்கு இன்வாய்ஸ், இ-வே பில், எல்.ஆர்., பழுதான லாரிக்கான புக்கிங் ஆகிய நான்கும் பொருந்துகின்றன. நான்கையுமே ரத்து செய்வது அலுவலக வழக்கில் உள்ளதுதான். இவை போதாதென்று, ஒரே வாக்கியத்தில் ‘அது’வும் ‘அதை’யும் அடுத்தடுத்து வந்து வெவ்வேறு பொருளைக் குறிக்கின்றன. இரண்டும் ஒன்றே என்று எண்ணிப் படிக்கும் ஒருவர், மாற்று லாரி வந்தவுடன் அந்த லாரியையே ரத்து செய்யச் சொல்வதாகக் குழம்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது. ‘புதியதை’ என்பதோ முந்தைய ‘அதை’யைச் சார்ந்திருப்பதால், அது தெளியும் வரை இதுவும் தெளியாது.

பெயர்களைத் தேடும்போது மின்னஞ்சலின் உடலோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. தலைப்பு வரி, இணைப்புக் கோப்புகள், கீழே மடிந்து கிடக்கும் பழைய உரையாடல் ஆகியவற்றிலும் பெயர்கள் உண்டு. மூன்று கேள்விகள் கொண்ட ஒரு மின்னஞ்சலுக்கு ‘சரி, அப்படியே செய்துவிடுங்கள்’ என்று ஒரு வரியில் பதில் வரும்போது, ‘அப்படியே’ என்பது மூன்றையும் தழுவுகிறதா, கடைசிக் கேள்வியை மட்டுமா என்பது யாருக்கும் தெரியாது. பதில் மின்னஞ்சலை ‘அது இன்னும் வரவில்லை’ என்று தொடங்குவதும் இதே வகைதான். பெயரும் சுட்டுப்பெயரும் ஒன்றாக வரும்போது பெயரே முன்னால் வர வேண்டும், சுட்டு அதன் பின்னால் வர வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் விதித்திருக்கிறது; பதில் மின்னஞ்சலின் முதல் வரிக்கு அந்த விதி இன்றும் அப்படியே பொருந்தும்.

கேரள எல்லையில் இன்னொன்றையும் கருத வேண்டும். பெறும் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர், மலையாளம் மட்டும் படிக்கும் சக ஊழியருக்கு அந்த மின்னஞ்சலை வாய்மொழியாகச் சொல்லுவார். மலையாளத்திலும் ‘அது’, ‘இது’ என்றே இருப்பதால், நம்முடைய தெளிவின்மை எந்தத் தடையும் இல்லாமல் அந்த மொழிக்கும் போய்விடும். சொல்பவருக்கும் ஐயம் எழாது. அதோடு மலையாள வினைமுற்றில் இடம், பால், எண் காட்டும் விகுதிகள் இல்லை. தமிழில் ‘சொல்லியிருக்கிறார்’ என்பதன் விகுதி காட்டிய சிறு குறிப்பும் அங்கே விழுந்துவிடும். எனவே எல்லையைக் கடக்கும் மின்னஞ்சலில் விகுதியை நம்பி எழுவாயை விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாம் படி: ஒவ்வொரு பெயரையும் பொருத்திப் பார்த்தல்

திரட்டிய பெயர்களைச் சுட்டு நின்ற இடத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் படிக்க வேண்டும். ஒன்று மட்டும் பொருளுள்ள வாக்கியமாக அமைந்தால் அந்தச் சுட்டை அப்படியே விட்டுவிடலாம். இரண்டோ அதற்கு மேலோ அமைந்தால் திருத்தம் வேண்டும். எவ்வளவு அவசரமாக வேண்டும் என்பது, தவறாகப் படித்தவர் செய்யும் செயலால் என்ன விளையும் என்பதைப் பொறுத்தது.

‘இன்வாய்ஸை ரத்து செய்யவும்’ என்று வைத்துப் படித்தால் வாக்கியம் நன்றாகவே அமைகிறது. ஆனால் லாரி எண், ஜி.எஸ்.டி. விதிப்படி இன்வாய்ஸில் கட்டாயம் இருக்க வேண்டிய விவரம் அன்று. அதற்காக இன்வாய்ஸை ரத்து செய்தால் புதிய எண்ணில் இன்வாய்ஸும், அதற்கேற்பப் புதிய இ-வே பில்லும் எடுக்க வேண்டிவரும்.

‘இ-வே பில்லை ரத்து செய்யவும்’ என்பதும் அமைகிறது. பலரும் இப்படித்தான் படிப்பார்கள். ஆனால் சரக்கு ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இ-வே பில்லை ரத்து செய்யத் தேவை இல்லை. அதன் பகுதி ‘பி’யில் வண்டி எண்ணைப் புதுப்பித்தால் போதும்; 12 இலக்க எண் மாறாது. டிரான்ஸ்போர்ட்டரின் பெயரில் அந்த இ-வே பில் ஒதுக்கப்பட்டிருந்தால் அவரே இதைச் செய்யலாம். ரத்து செய்வதோ அதை உருவாக்கியவரால் மட்டுமே முடியும். உருவாக்கிய 24 மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும். வழியில் அதிகாரி ஒருவர் அதைச் சரிபார்த்துவிட்டால் அதன் பின் அதுவும் முடியாது. ஆக, டிரான்ஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போகும் மின்னஞ்சலில், அனுப்புபவர் உருவாக்கிய இ-வே பில்லை ரத்து செய்யச் சொல்வது, அவர்களால் செய்யவே முடியாத ஒன்றைக் கேட்பதாகும்.

எல்.ஆர். என்னும் லாரி ரசீதை வெளியிடுவது டிரான்ஸ்போர்ட் அலுவலகம் என்பதால், அதை ரத்து செய்து புதிதாகப் போடுவது அவர்கள் கையில் இருப்பது. எழுதியவர் நினைத்தது இதுதானா, இ-வே பில்லில் எண் மாற்றத்தையும் சேர்த்துத்தானா? இந்தப் படியில் பெரும்பாலும் தெரியவருவது இதுதான்: ‘அதை’ என்று எழுதியவர், எதை என்பதைத் தாமே முழுமையாக முடிவுசெய்திருக்கவில்லை. மூன்று ஆவணங்களிலும் எண் தவறு என்று தெரிந்தது, ஏதோ ஒன்றைச் சரிசெய்ய வேண்டும் என்று தோன்றியது. ‘அதை’ என்ற சொல் அந்த இடைவெளியை மூடிவிட்டது. பெயரை எழுத முற்படும்போது கை நின்றுவிட்டால், திருத்த வேண்டியது வாக்கியத்தை அன்று. முதலில் ஒரு தொலைபேசி அழைப்பிலோ இ-வே பில் போர்ட்டலிலோ விவரத்தை உறுதிசெய்துகொண்டு, பிறகு எழுத வர வேண்டும்.

நான்காம் படி: திருத்துதல்

திருத்தும் முறைகள் பல உண்டு. பயன்பாட்டில் மூன்று போதும்.

முதலாவது, பெயரையே மீண்டும் எழுதுவது. அப்படி எழுதும்போது ஒரு பொருளுக்கு ஒரே பெயரைத்தான் மின்னஞ்சல் முழுவதும் வைத்திருக்க வேண்டும். இன்வாய்ஸையும் ‘பில்’ என்று சொல்லி, இ-வே பில்லையும் ‘பில்’ என்று சொன்னால், ‘அதை’ என்பதை ‘அந்தப் பில்லை’ என்று மாற்றியதால் எதுவும் தெளியாது. ஒரே வகைப் பொருள் இரண்டு இருந்தால், பழைய லாரி, புதிய லாரி என்பதற்குப் பதிலாக வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைச் சொல்வது நல்லது. மறுநாள் இன்னொரு வண்டி மாறினாலும் அந்த எண் குழப்பம் தராது. ‘மேற்படி’, ‘முன்னது’, ‘பின்னது’ ஆகியவை முறையாகத் தோன்றினாலும் படிப்பவரை மேலே போய்த் தேடவே வைக்கின்றன. நான் அவற்றைத் தவிர்க்கச் சொல்வேன்.

இரண்டாவது, நிகழ்ச்சியைச் சுட்டும் ‘இது’வுக்குப் பெயர் கொடுப்பது. ‘இதனால் வரும் கூடுதல் செலவு’ என்பதில் ‘இது’ எந்த ஒரு பெயரையும் குறிக்கவில்லை. நடந்தது முழுவதையும் குறிக்கிறது. நடந்ததில் பழுது உண்டு, தாமதம் உண்டு, வண்டி மாற்றம் உண்டு, சரக்கை இறக்கி ஏற்றும் கூலியும் உண்டு. பழுது நீக்கும் செலவு ஓனருடையது என்பதில் சிக்கல் இல்லை; ஏற்றுக்கூலியை யார் தருவது என்பதில்தான் பின்னால் வாக்குவாதம் வரும். ஆகவே ‘வண்டி மாற்றத்தால் ஆகும் ஏற்றுக்கூலி’ என்று அந்த நிகழ்ச்சிக்கு ஒரு பெயர்ச்சொல்லைத் தந்துவிட வேண்டும். இந்த வகைச் சுட்டு, ஆவணத்தைக் குறிக்கும் சுட்டைவிடக் கண்ணுக்குத் தப்புவது அதிகம். ‘இதனால்’, ‘இது தொடர்பாக’, ‘இதை முன்னிட்டு’ என்று வரும் இடங்களையெல்லாம் ஐயத்தோடு பார்ப்பது நல்லது.

மூன்றாவது, வாக்கியத்தைப் பிரிப்பது. ‘வந்ததும்’, ‘செய்துவிட்டு’, ‘அனுப்பவும்’ என்று மூன்று வினைகளை ஒரே மூச்சில் கோத்தால், ஒவ்வொரு வினைக்கும் உரிய பெயரைச் சேர்க்கும்போது வாக்கியம் கனத்துவிடும். அப்போது ஒரு செயலுக்கு ஒரு வாக்கியம் என்று உடைத்துவிட வேண்டும்.

இம்மூன்றையும் கையாண்டு, ஓனர் மாற்று லாரிக்கு ஏற்பாடு செய்ததையும் தொலைபேசியில் உறுதிசெய்துகொண்ட பின், அதே மின்னஞ்சல் இப்படி அமையும்:

“ஐயா, வணக்கம். இன்வாய்ஸ் எண் 318, தேங்காய் நார் சரக்கு தொடர்பாக. 4127 லாரி கோபாலபுரத்தில் பழுதாகி நிற்கிறது. லாரி ஓனர் ஏற்பாடு செய்த 8063 லாரி, பகல் 2 மணிக்கு அங்கே வரும். தங்கள் அலுவலகம் ஆவணங்களில் செய்ய வேண்டியவை இரண்டு. இ-வே பில்லின் பகுதி ‘பி’யில் வண்டி எண்ணை 8063 லாரியின் எண்ணாக மாற்றவும், 8063 சரக்குடன் கிளம்பும் முன் இந்த எண் மாற்றம் முடிந்திருக்க வேண்டும். 4127-க்குப் போட்ட எல்.ஆரை ரத்து செய்து, 8063-க்குப் புதிய எல்.ஆர். போட்டு, அதன் நகலை மாலை 6 மணிக்குள் எனக்கு அனுப்பவும். இன்வாய்ஸையும் இ-வே பில்லையும் ரத்து செய்ய வேண்டாம். வண்டி மாற்றத்தால் ஆகும் ஏற்றுக்கூலியைத் தாங்களே லாரி ஓனரிடம் பேசி முடிக்கவும்.”

முதல் மின்னஞ்சலின் கடைசி வரியான ‘இது இன்றே முடிய வேண்டும்’ என்பது இதில் இரண்டாகப் பிரிந்திருப்பதைக் கவனிக்கலாம். ‘இது’ என்பதற்குப் பெயர் கொடுக்க முயன்றபோதுதான், எண் மாற்றத்துக்கும் எல்.ஆர். நகலுக்கும் கெடு வேறுவேறு என்பது தெரியவந்தது. சரக்கு மாறிய வண்டி மேலே செல்லும் முன்பே பகுதி ‘பி’ புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதால், ‘இன்றே’ என்பது அதற்குத் தாமதமான கெடு. நகலுக்கோ மாலை வரை நேரம் உண்டு. செய்ய வேண்டாதவற்றையும் பெயர் சொல்லி எழுதியது, முன்பு தவறாகப் படிக்க வாய்ப்பிருந்த இரண்டு பொருள்களையும் அடைத்துவிடுகிறது.

ஐந்தாம் படி: விட்டுவைக்க வேண்டியவற்றை விட்டுவைத்தல்

திருத்திய மின்னஞ்சலிலும் ‘அங்கே’ உண்டு, ‘அதன் நகலை’ உண்டு. முன்னால் வந்த இடம் கோபாலபுரம் ஒன்றுதான் என்பதால் ‘அங்கே’ வேறு எங்கும் போக முடியாது. ‘அதன்’ என்பது அதே வாக்கியத்தில் சற்று முன் வந்த புதிய எல்.ஆரைக் குறிக்கிறது, ரத்தான எல்.ஆரின் நகலைப் புதிய எல்.ஆர். போட்ட பின் கேட்பது பொருந்தாது. இத்தகைய இடங்களிலும் பெயரையே திரும்பத் திரும்ப எழுதினால், மின்னஞ்சல் கிரயப் பத்திரத்தைப் போல ஆகிவிடும்; படிப்பவர் வரிகளைத் தாண்டத் தொடங்குவார், தாண்டும்போது முக்கியமான எண்ணையும் தாண்டிவிடுவார். மூன்றாம் படியின் சோதனையில் ஒரு பெயர் மட்டும் தேறிய சுட்டுகளைத் தொடாமல் விடுவதே முறை.

அனுப்பும் முன் கடைசியாக ஒருமுறை, கீழே உள்ள பழைய உரையாடலைப் பாராமல், இறுதி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியத்தை நோக்கி ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கலாம். கதை போகிற போக்கில் மனம் நிரப்பிக்கொள்ளும் பெயர்கள் அப்படிப் படிக்கும்போது கிடைக்காது; எனவே பெயர் இல்லாத வினைகள் உடனே உறுத்தும்.

பெறுபவர் செய்ய வேண்டியது

குழப்பமான மின்னஞ்சலைப் பெற்றவர் ‘எதை ரத்து செய்ய வேண்டும்?’ என்று மட்டும் பதில் எழுதினால், ‘அதைத்தான் மேலே சொல்லியிருக்கிறேனே’ என்று இன்னொரு ‘அதை’ வந்து சேரும். எழுதியவருக்குத் தம் மின்னஞ்சலில் குழப்பம் இருப்பதே தெரியாது என்பதுதான் அதற்குக் காரணம். தாம் படித்த பொருள்களைப் பெயரோடு எடுத்துவைத்து, பதில் வரும் வரை எதைச் செய்யாமல் நிறுத்தியிருக்கிறோம் என்பதையும் சேர்த்து எழுதினால் ஒரே பதிலில் முடியும்:

“ஐயா, ‘அதை ரத்து செய்துவிட்டு’ என்று எழுதியிருக்கிறீர்கள். எல்.ஆரை ரத்து செய்து 8063-க்குப் புதிதாகப் போடுவது என்று எடுத்துக்கொள்ளலாமா? இ-வே பில்லை எங்களால் ரத்து செய்ய முடியாது; பகுதி ‘பி’யில் எண்ணை மட்டும் மாற்ற முடியும். தங்கள் பதில் வரும் வரை 8063 லாரியைக் கோபாலபுரத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம்.”